டச்பேட் அமுங்கவில்லை என்றால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள்: உப்பிய பேட்டரி ஒன்றை மாற்றிய அனுபவம்

லேப்டாப்பில் டச்பேட் அமுங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் டச்பேடைப் பற்றிப் பேசுவதில்லை. லேப்டாப்பைச் சமமான தரையில் வைத்தால் ஆடுகிறதா என்றுதான் கேட்பேன். பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி இருப்பது டச்பேடுக்கு நேர் கீழே, கை வைக்கும் பகுதியில். அது உப்பினால் மேலே டச்பேடைத் தள்ளும், கீழே அடிமூடியைத் தள்ளும். டச்பேட் இறுகுவதும் அடி ஆடுவதும் ஒன்றாக வந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பெரியப்பா மகன் பழைய பொருள் கடை வைத்திருக்கிறார். இடித்த வீடுகளின் தேக்குக் கதவு, தூண், எனாமல் பாத்திரம், பழைய கண்ணாடிப் படம், இப்படிக் கடை முழுக்கச் சாமான். பில் போடுவதற்கு ஒரு லேப்டாப். போன கோடையில் போன் பண்ணினார்.

"தம்பி, அந்த விரல் வச்சுத் தேய்க்கிற இடம் அமுங்கவே மாட்டேங்குதுப்பா. ஒரு மவுஸ் வாங்கிச் சொருகிக்கவா?"

"மேசையில வச்சா ஆடுதாண்ணே?"

"ஆமா, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. அடியில அட்டையை மடிச்சுக் கொடுத்திருக்கேன்."

"பில்லை அப்படியே விட்டுட்டு ஷட்டவுன் பண்ணுங்க. சார்ஜரைச் சுவர்ல அணைச்சுப் பிடுங்கிடுங்க. மூடியை அமுக்கி மூட வேணாம், மேல எதையும் வைக்க வேணாம். பொறுமையா ரெண்டு கையிலயும் எடுத்துக் கொல்லைப் பக்கம் சிமெண்டுத் தரையில நிழலா வச்சிடுங்க. மரம், துணி, அட்டை எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது."

"நல்லாத்தானே ஓடுது? சாயங்காலம் கணக்கை முடிச்சுட்டு அணைக்கிறேனே" என்றார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெல்லிய லேப்டாப்பிலும் போனிலும் இருக்கும் லித்தியம் அயன் செல் என்பது அலுமினியப் படலத்தால் ஆன ஒரு மெல்லிய உறை. உள்ளே நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் அடுக்கடுக்காகவோ சுருட்டப்பட்டோ இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவே பிளாஸ்டிக்கால் ஆன பிரிப்புத் தாள் ஒன்று இருக்கிறது. அது தலைமுடியை விட மெல்லியது. இவை எல்லாம் எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் நனைந்திருக்கும். அந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். செல் எந்நேரமும் முழு சார்ஜில் இருந்தால், கூடவே சூடும் இருந்தால், அந்தத் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். உறை மூடி ஒட்டப்பட்டிருப்பதால் வாயு வெளியேற வழியில்லை. அதுதான் உப்பல். கார்பன் டை ஆக்சைடோடு கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், ஹைட்ரஜன் போன்ற எரியும் வாயுக்களும் அதில் கலந்திருக்கும்.

அண்ணன் கடையில் இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்தன. காலையில் கடை திறந்ததும் சார்ஜரைச் சொருகினால் இரவு பூட்டும்போதுதான் எடுப்பார். மேசை இருந்தது தகரக் கூரைக்குக் கீழே. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்கு அடியில் கை வைக்க முடியாது. தயாரிப்பிலேயே இருக்கும் குறை, கீழே விழுந்து நசுங்கியது, மாதக்கணக்கில் சார்ஜே இல்லாமல் கிடந்தது ஆகியவற்றாலும் செல் உப்பும். ஆனால் என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இவருடையதைப் போல எப்போதும் சொருகியே இருந்தவைதான்.

சரி, நன்றாக ஓடும்போது ஏன் உடனே நிறுத்த வேண்டும்? பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று வோல்டேஜ், மின்னோட்டம், வெப்பநிலை ஆகிய மூன்றைக் கவனிக்கிறது. உறை உப்பியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, சார்ஜும் நூறு சதவீதம் என்றே காட்டும். உள்ளே நடப்பது வேறு. வாயு புகுந்த இடங்களில் தகடுகளின் நெருக்கம் குலைகிறது, மின்னோட்டம் சில இடங்களில் மட்டும் அதிகமாகப் பாய்கிறது. அந்த நிலையில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து ஊசி ஊசியாக வளர்ந்து பிரிப்புத் தாளைத் துளைக்கலாம். வெளியே பார்த்தால், விரிந்த உறை டச்பேடின் உலோக விளிம்பிலும் ஸ்க்ரூத் தூண்களிலும் போய் அழுந்திக்கொண்டிருக்கும். மூடியை அழுத்தி மூடுவதும் மேலே கணக்கு நோட்டை வைப்பதும் அந்த அழுத்தத்தைக் கூட்டுகிற வேலைதான்.

இரண்டு தகடும் உள்ளுக்குள் தொட்டுவிட்டால் அந்த இடம் சூடாகும். சுமார் 130 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிரிப்புத் தாள் உருகத் தொடங்கும், தொடும் இடம் இன்னும் அகலமாகும். அதன்பின் சூட்டை வெளியிலிருந்து யாரும் தர வேண்டியதில்லை, வேதிவினையே தந்துகொள்ளும். அண்ணனுடைய பேட்டரி 42 வாட் அவர். அதில் சேமித்திருக்கும் மின்சாரம் மட்டுமே சுமார் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கரைப்பான் எரிவது தனி. வருகிற புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும். உப்பிய பேட்டரி எல்லாம் தீப்பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை பிடிப்பதில்லை. ஆனால் எது பிடிக்கும், எப்போது பிடிக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுற்றிலும் காய்ந்த தேக்கு இருக்கிற கடையில் சாயங்காலம் வரை பொறுக்க எனக்கு மனமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லேப்டாப் கொல்லையில் குளிர்ந்துதான் இருந்தது. புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன், சூடில்லை. இனிப்பு கலந்த நெயில் பாலிஷ் வாடை போல ஏதும் இல்லை, சீறும் சத்தமும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். தள்ளி நின்று 101-க்குச் சொல்லியிருப்பேன். புகை வந்துவிட்ட பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. ஆபத்தில்லாமல் எட்ட முடிந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிர்விக்கலாம். மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் செல்லின் சூட்டைத் தணிக்காது.

திறக்கும் முன் சார்ஜைக் காலி செய்வதா வேண்டாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. சில கம்பெனிகளின் வழிகாட்டியில், சார்ஜர் இல்லாமல் ஓடவிட்டு இறக்கிவிட்டுக் கழற்றச் சொல்வார்கள். சார்ஜ் குறைந்த செல்லில் ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது செல்லும் புராசசரும் சேர்ந்து சூடாகும், அந்த நேரம் முழுக்க உறை நெருக்கப்பட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உப்பியதை நான் மறுபடி ஆன் செய்வதில்லை. அணைத்தபடியே கழற்றுகிறேன்.

வேலை செய்த இடம் அண்ணன் வீட்டு வளவு. மேலே திறந்த முற்றம், கீழே கல் பாவிய தரை. காற்று தாராளம், எரியக்கூடியது பக்கத்தில் ஏதும் இல்லை. வாய் அகலமான மண் தொட்டி ஒன்றில் பாதிக்கு நன்கு காய்ந்த மணலைக் கொட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாம் கழற்றிவிட வேண்டும். கருவி என்றால் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல், கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லை ஒன்று, இன்சுலேஷன் டேப். கத்தி, உலோகத் தகடு எதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில்லை.

உப்பிய லேப்டாப்பின் அடிமூடி உள்ளிருந்து தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கத்து ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மிச்சமிருக்கும் ஸ்க்ரூக்கள் மேல் பளு ஏறி மூடி வளைந்து தெறிக்கும். அதனால் எல்லா ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். பின்பக்க ஸ்க்ரூவும் முன்பக்க ஸ்க்ரூவும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடியை வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வைத்தேன். மூடியின் கொக்கிகளை விடுவிக்கும்போது பின்பக்கம், அதாவது திரை மடங்கும் கீல் இருக்கும் பக்கம் தொடங்கினேன், ஏனென்றால் இந்த மாடலில் அங்கே பேட்டரி இல்லை. வில்லையை நுனி மட்டும் நுழையும் அளவுக்கு விட்டு ஓரமாகவே நகர்த்தினேன். முன்பக்கம் வந்ததும் வில்லையை எடுத்துவிட்டுக் கையால் தூக்கினேன். முன்பக்கம் இடுக்கில் ஆழமாக எதையாவது விட்டால் நேராகப் போய் உறையில் குத்தும்.

மூடி வந்ததும் தெரிந்தது. மூன்று செல்லில் நடுவில் இருந்தது தலையணையாகப் புடைத்திருந்தது, வலப்பக்கத்துச் செல் லேசாக. இடப்பக்கம் தட்டையாகவே இருந்தது.

முதலில் பேட்டரி கனெக்டர். அதை மேலே இழுக்காமல், போர்டுக்கு இணையாக, இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் முனையால் மாற்றி மாற்றித் தள்ளி எடுத்தேன். ஒயரைப் பிடித்து இழுத்தால் ஒயர் அறும், இரண்டு ஒயர் தொட்டால் பொறி பறக்கும். சில மாடல்களில் கனெக்டர் மேல் சின்ன உலோகத் தாழ் இருக்கும், அதை முதலில் விலக்க வேண்டும். கனெக்டர் வந்ததும் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடித்துப் போர்டில் மிச்சமிருந்த மின்சாரத்தைத் தீர்த்தேன். கனெக்டரின் வாயில் உடனே டேப் ஒட்டினேன்.

இந்தப் பேட்டரி கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியது. ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சட்டத்தின் இரு முனைகளையும் பிடித்துத் தட்டையாகவே தூக்கினேன். செல்லை விரலால் பிடிக்கவில்லை, வளைக்கவில்லை. அப்படியே மணலில் கிடத்தி மேலே இன்னும் கொஞ்சம் மணல் தூவினேன். பசை போட்டு ஒட்டிய பேட்டரியாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். உப்பிய, ஒட்டிய செல்லை நெம்புவது வீட்டு வேலை இல்லை.

போன்கள் அநேகமாக எல்லாமே அந்த ரகம்தான். பின்மூடி ஓரத்தில் பிரிந்து நின்றாலோ, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இடுக்கில் வெளிச்சம் கசிந்தாலோ, தரையில் மல்லாத்தி வைத்த போன் சுண்டினால் சுழன்றாலோ, அணைத்துவிட்டுச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள். போனைத் திறக்கவே சூடு காட்டவேண்டியிருக்கும், பின் ஒட்டிய பேட்டரியை நெம்ப வேண்டும். உப்பிய செல்லுக்கு இரண்டுமே ஆகாது. போகும் வழியில் அதைச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

"ஊசியால ஒரு குத்து குத்திக் காத்தை இறக்கிட்டா திரும்பப் போட்டுக்கலாம்னு கடைப் பையன் சொல்றானே" என்று அண்ணன் கேட்டார். ஊசி உறையோடு நிற்காது, உள்ளே இரண்டு தகட்டையும் இணைத்துவிடும். அந்த நொடியே தீப்பிடிக்கலாம். தப்பித்தவறி உறையை மட்டும் துளைத்தாலும் காற்றின் ஈரம் உள்ளே போய் நச்சு அமிலம் உண்டாகும். உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதும் அப்படித்தான். கனெக்டர் ஊசிகள் அரித்துப்போய்த் தொடர்பு அறுந்துவிட, செல்லில் சார்ஜ் அப்படியே இருக்கும். பார்க்கிறவருக்கு மட்டும் அது செத்ததாகத் தோன்றும்.

உப்பிய ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றும் ஒரே சூட்டில் ஒரே காலம் உழைத்தவை. புதிய செல்லையும் பழைய செல்லையும் ஒரே வரிசையில் இணைத்தால் பழையது முன்னதாகவே நிரம்பும், முன்னதாகவே காலியாகும். முழுப் பேட்டரியாகத்தான் மாற்ற வேண்டும்.

புதியது வாங்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேட்டரி வரும். பழைய பேட்டரியின் லேபிளைப் போட்டோ எடுத்து அதிலுள்ள பார்ட் நம்பரைச் சொல்ல வேண்டும். இதில் 11.4 வோல்ட், 42 வாட் அவர் என்று இருந்தது. வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அதே அளவு பேட்டரியில் ஒன்றரை மடங்கு வாட் அவர் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், அதே இடத்துக்குள் அவ்வளவு அடங்காது. லேபிளில் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை, ஐ.எஸ். 16046 என்ற தர எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண், தயாரித்த மாதம் ஆகிய நான்கையும் பார்த்து வாங்கினேன். வருடக்கணக்கில் கடையில் தூங்கிய பேட்டரி புதியதே ஆனாலும் பழையதுதான்.

அது வந்து சேரும்வரை பேட்டரி இல்லாமலே சார்ஜரில் லேப்டாப்பை ஓட்டினோம். பல மாடல் அப்படி ஓடும், சில ஓடாது. ஓடினாலும் கரண்ட் போனால் பொட்டென்று அணையும் என்பதால் கடையில் இருந்த யு.பி.எஸ். வழியாகக் கொடுத்தோம். புதியதைப் பொருத்தும் முன் டச்பேடின் தகடு வளைந்திருக்கிறதா, பேட்டரி உட்காரும் பள்ளத்தில் ஸ்க்ரூ ஏதும் விழுந்து கிடக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கிடக்கும் ஒரு சிறு ஸ்க்ரூ புதிய செல்லை அழுத்திக் கெடுத்துவிடும். கனெக்டரை நேராக அமர்த்தி, மூடி எந்த அழுத்தமும் இல்லாமல் தானாகப் படிகிறதா என்று பார்த்து மூடினோம். முதல் சார்ஜ் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தோம்.

அப்புறம் பேட்டரியின் கணக்கை எடுக்க, விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் இந்தக் கட்டளை:

```
powercfg /batteryreport
```

விண்டோஸ் இதற்கு ஒரு அறிக்கைக் கோப்பை எழுதிக் கொடுக்கும். அதில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒத்திருந்தால் பேட்டரி புதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உப்பலைக் கண்டுபிடிக்க இந்த அறிக்கை உதவாது, அதற்குத் தரையில் வைத்துப் பார்க்கும் சோதனைதான். பயாஸ் அமைப்பில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்தேன். எப்போதும் சொருகியே இருக்கும் கடை லேப்டாப்புக்கு அது போதும். மேசையையும் தகரக் கூரையிலிருந்து உள்ளறைக்கு மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார்.

மண் தொட்டியில் இருந்த பழைய பேட்டரிதான் மிச்சம். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அவர் அலுமினியத்துக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டுச் சுத்தியலால் பிளப்பார். குப்பை வண்டியில் போட்டால் அங்கே அழுத்தப்படும், வண்டியே எரியும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்துபவர் பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது, சேகரிக்கவோ மறுசுழற்சி செய்யவோ உரியவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்துடையது. லேபிளில் குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பது இதற்காகத்தான்.

"நம்ம ஊர்ல சிக்ரி இருக்கே, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியே அங்கதானே பண்றாங்க, அங்க கொடுத்தா என்ன?" என்றும் கேட்டார். 1953-ல் திறந்த அந்த நிறுவனம் ஆய்வுக்கானது. வீட்டுக் கழிவை வாங்கும் இடம் இல்லை.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தோம். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். பழுதான லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது, விமானத்தில் ஏற்றவே தடை. அதைச் சொல்லி, நேரில் கொண்டுவருகிறோம், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை தொட்டி கொல்லையில் மழையும் வெயிலும் படாத மூலையில், பிள்ளைகள் கைபடாமல் இருந்தது. காற்றுப் புகாத டப்பாவில் மட்டும் அடைத்து வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். அண்ணன் காலை வெயில் ஏறும் முன், காரின் டிக்கியில் தொட்டியை நகராமல் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். நீங்கள் கூப்பிடும்போதும் "பழைய பேட்டரி" என்று சொல்லாமல் "உப்பிய பேட்டரி, கனெக்டரில் டேப் ஒட்டி மணலில் வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்குத் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு பார்ட் நம்பரோடு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.